முதற்கட்டத்தில் அந்தச் சுவர்

அந்தப் பங்களாவுக்குள் நான் முன்வாசல் வழியாகத்தான் போனேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்கே ஒரு வாக்குவாதம் தேவைப்பட்டது.

தலவாக்கலையில் பஸ்ஸை விட்டிறங்கி, த்ரீவீல் பிடித்து, தேயிலை மலையைச் சுற்றிச் சுற்றி ஏறிப் போய்ச் சேர்ந்தேன். அளவு நாடா, ஏணி வாடகைக்குச் சொன்ன சீட்டு, கேமரா எல்லாம் கையில். காவல்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்தப் பக்கமா வாங்க தங்கச்சி. குசினி வாசல் தொறந்துதான் இருக்கு."

"ஏன், முன்வாசலுக்கு என்ன வந்துச்சு?"

"அது தொரைமாருங்க போற வழிங்க."

"இப்ப உள்ள எந்தத் தொரை இருக்காரு?"

அவர் சிரித்துவிட்டார். "ஒருத்தரும் இல்லதான்."

"அப்ப தொறங்கண்ணே. நான் எஸ்டிமேட் போட வந்திருக்கேன். வாசக்கதவும் எஸ்டிமேட்ல இருக்கு."

நான் வட்டவளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில், ஒற்றையறைக் காம்பரா ஒன்றில் பிறந்தவள். தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் பங்களாவை நாங்கள் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறோம். அதன் புல்தரையில் கால் வைத்தால் நாய் வரும் என்பது மட்டும் தெரியும். படித்து, கட்டடக்கலைப் பட்டம் வாங்கி, நுவரெலியாவில் ஒரு சிறு அலுவலகத்தில் இளநிலைக் கட்டடக் கலைஞராகச் சேர்ந்தேன். கடையொன்றின் மாடியில் இரண்டே அறை. அதை நடத்தியவர் யாழ்ப்பாணத்துக்காரர். எல்லோரும் அவரைச் சேர் என்றுதான் கூப்பிடுவோம். அளப்பதும் எழுதுவதும் நான். கையெழுத்துப் போடும் தகுதி அவருக்கு. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் 'தயாரித்தவர்' என்று என் பெயர் சின்னதாக வரும், 'சரிபார்த்து ஒப்பமிட்டவர்' என்று அவர் பெயர் வரும்.

பங்களாவைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் கொழும்பு முதலாளி ஒருவர். வயது என்னைவிடக் கொஞ்சம்தான் கூட. பழைய வீட்டைப் பழுதுபார்த்து ஹோட்டல் ஆக்குவது அவர் திட்டம். ஏப்ரல் வசந்த காலத்துக்குக் கூட்டம் மலையேறி வருவதற்குள் கதவைத் திறந்துவிட வேண்டும் என்பது அவர் பிடிவாதம். நூறு வருடம் தாண்டிய வீடு என்பதால் கண்டபடி கை வைக்க முடியாது. வீட்டின் நிலை என்ன, என்ன செலவாகும், எதை எந்தக் கட்டத்தில் செய்வது என்று அறிக்கை எழுதிக் கொடுக்க வேண்டும். அனுமதிக்கும் அதுதான், வங்கிக்கும் அதுதான்.

வீடு அழகுதான், பொய் சொல்ல மாட்டேன். பலா மரத் தரை, அறைக்கு அறை கணப்பு அடுப்பு, மலையைப் பார்த்த வளைந்த ஜன்னல்கள். ஆனால் அழகு ஒரு பக்கம் இருக்கட்டும். கூரைத் தகரங்கள் சேரும் பள்ளத்தில் மழைத் தண்ணீரை வடிக்கும் பீலிகள் துருப்பிடித்து ஓட்டையாகி, அது முழுவதும் சுவருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பின்பக்கச் சாப்பாட்டு அறையில், தரையிலிருந்து கூரைவரை சாய்வாக ஒரு வெடிப்பு. என் விரல் அதற்குள் போனது.

அறையின் வெடிப்பு எங்கே போகிறது என்று பார்க்க வீட்டின் பின்னால் போனேன். மேட்டின் விளிம்பு. அதற்குக் கீழே மண்ணைத் தாங்கிக்கொண்டு ஒரு கருங்கல் அணைச்சுவர், ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு. அதன் அடியில், ஒருவர் நடக்கிற சந்து விட்டு, கீழ் லயம்; தோட்டத்துப் பேச்சில் பணிய லயம். ஐந்து காம்பரா. ஐந்து குடும்பம்.

வழுக்கி வழுக்கிக் கீழே இறங்கினேன். கொழுந்து நிறுத்துவிட்டு வந்த அக்கா ஒருவர் இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் சுவரைத் தட்டிப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "பங்களாவுல இருந்தா வர்றீங்க? அதிசயமா இருக்கே, அங்கயிருந்து சேத்துத் தண்ணிதான் வரும்," என்றார்.

"மழைக்கு எப்படிக்கா இருப்பீங்க?"

"மழ புடிச்சா காம்பராவுக்குள்ள படுக்கிறதில்லங்க. எல்லாரும் இஸ்தோப்புலதான் சுருண்டுக்குவோம். அந்தச் செவரு எந்நேரம் வருமோ, யாரு கண்டா." இஸ்தோப்பு என்பது வாசல் திண்டு போன்ற முன்பக்கம். காற்று நேராக வந்து அறையும் இடம்.

"யாருகிட்டயும் சொல்லலியா?"

"சொல்லாமலா? தோட்டத்துத் தொரைக்கிட்ட சொன்னா, அது பங்களா செவருன்னாரு. பங்களாக்காரங்ககிட்ட சொன்னா, லயம் தோட்டத்துதுன்னாங்க. நாங்க என்ன, செவருகிட்டயா போயி சொல்றது?"

சுவரைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். நடுவில் வயிறு தள்ளியிருந்தது. முன்பு கட்டியவர்கள் கெட்டிக்காரர்கள். கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் வைத்து, பின்னால் தேங்கும் தண்ணீர் வெளியேற வரிசையாகத் துளை விட்டிருந்தார்கள். பிறகு வந்த எவனோ ஒரு புண்ணியவான், பலப்படுத்துகிறேன் பேர்வழி என்று, முழுச் சுவரையும் சிமெந்தால் பூசித் துளைகளையும் அடைத்துவிட்டான். தண்ணீர் போக வழியில்லை. மேட்டு மண் ஊறி ஊறிச் சுவரை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.

மேலே வந்து வெடிப்பின் குறுக்கே மூன்று இடத்தில் மெல்லிய கண்ணாடித் துண்டுகளைச் சாந்து வைத்து ஒட்டினேன். வெடிப்பு பழையது, அசையாதது என்றால் கண்ணாடி அப்படியே இருக்கும். அசைந்தால் உடையும். ஐப்பசி மழை முடிந்து திரும்பிப் போனபோது இரண்டு உடைந்திருந்தன.

அறிக்கையை எழுதினேன். முதற்கட்டம் தண்ணீர்: கூரைப் பீலி, மேட்டின் விளிம்பில் தண்ணீரைத் திருப்பிவிடும் கான், அணைச்சுவர். இரண்டாம் கட்டம் உளுத்த மரச்சட்டங்கள், தரை, மின்கம்பி, குழாய். மூன்றாம் கட்டம் பூச்சு, வர்ணம், கதவு ஜன்னல், தோட்டம். ஈரத்தை நிறுத்தாமல் வர்ணம் அடிப்பது காய்ச்சல்காரிக்குப் பவுடர் போடுவது மாதிரி. சுவரைத் திறந்து பார்க்காமல் உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. அதனால் அதற்குத் திட்டமான விலை போடாமல் உத்தேசத் தொகையாக ஒதுக்கி, எதிர்பாராச் செலவுக்கும் தாராளமாக விட்டேன். லொறி பங்களாவரை ஏறாது. கல்லையும் மணலையும் கீழே இறக்கி டிராக்டரில் மாற்றி ஏற்ற வேண்டும். அந்தக் கூலியையும் போட்டேன். வேலை நடக்கும்போது லயத்துக்காரர்களுக்குத் தற்காலிக இடம் என்றும் ஒரு வரி போட்டேன். அதற்கெல்லாம் கீழே காலம்: எங்கள் பக்கம் மண் வேலைக்கு ஏற்றது தை பிறந்து இரண்டு மூன்று மாதம்தான். அதை விட்டால் வைகாசி தொடங்கி மழை பிடித்துக்கொள்ளும்.

சிக்கலே அங்கேதான். அதே காய்ந்த மாதங்கள்தான் முதலாளிக்கும் வேண்டும், முன்பக்கத்தை மினுக்கி ஏப்ரலில் திறக்க.

சேர் அறிக்கையைத் திருத்தித் திருப்பிக் கொடுத்தார். பார்த்தால், அணைச்சுவரும் கானும் முதற்கட்டத்தில் இல்லை. மூன்றாம் கட்டத்தில், 'வெளிவேலைகள்' என்ற தலைப்பின் கீழ், புல் பதிப்பதற்கும் பூந்தொட்டிக்கும் நடுவில் கிடந்தன.

"சேர், இது என்ன?"

"என்ன எண்டா? ஒழுங்கு அப்பிடித்தானே பிள்ளை. அத்திவாரம், சுவர், கூரை, பூச்சு, கடைசியில வெளிவேலை. எல்லா எஸ்டிமேட்டும் நாங்கள் அப்பிடித்தான் எழுதுறது."

"அது புது வீட்டுக்கு சேர். புது வீட்டுக்கு லொறி வந்து போயி முடிஞ்சாத்தான் கானும் மதிலும். இது நூறு வருசத்து வீடு, மலைச் சரிவுல நிக்குது. வெளிய இருக்குறதுதான் இத நிக்க வச்சிருக்கு."

"எனக்குப் படிப்பிக்கிறீரோ?"

"இல்ல சேர். சண்டை பிடிக்கிறேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபம் வந்தால் அப்படித்தான். "நீர் சொல்லுறது விளங்குது. ஆனா, காசு போடுறவன் அவன். மூண்டு மாசமா வேற ஒரு வேலையும் வரேல்லை. இதுவும் போச்சுதெண்டா நானும் நீரும் கடையைப் பூட்டிப்போட்டுப் போக வேண்டியதுதான். உமக்குச் சம்பளம் எங்கயிருந்து தாறது?"

அது பொய்யில்லை. என் சம்பளத்தில்தான் வட்டவளையில் அடுப்பெரிந்தது. அதற்காக வாயை மூட எனக்கு வரவில்லை.

"வெளிவேலைன்னு போட்டா, வைகாசி மழைய அந்தச் செவரு இன்னொரு தடவ தாங்கணும். தாங்காது சேர். நீங்க கையெழுத்துப் போடுங்க. என் பேர எடுத்துருங்க."

"பேரை எடுக்கிறதோ? பேர் கிடைக்கிறதுக்குத்தான் உம்மட வயசுப் பிள்ளையள் அலையுதுகள்."

"எனக்கு வேணாம்."

முதலாளியைப் பங்களாவில் வைத்துச் சந்திக்கும்வரை அறிக்கை போகாது என்று மட்டும் அவர் சொன்னார். அதுவே எனக்குப் போதும். அந்த இடைவெளியில் ஒரு காரியம் செய்தேன். சாப்பாட்டு அறையின் அத்திவாரத்தைப் பார்க்க வேண்டும் என்று சேரிடம் அனுமதி வாங்கி, அறையின் மூலையில் நாலு பலகையைக் கழற்றிச் சோதனைக் குழி வெட்ட வைத்தேன். காவல்காரரும் கூலிக்கு வந்த ஒருவரும் வெட்டினார்கள். செங்கல் உடைசல், அடுப்புச் சாம்பல், போத்தல் ஓடு, பொலபொலவென்ற மண். நெஞ்சளவு போயும் கெட்டி மண் வரவில்லை. எனக்கு அப்போதுதான் முழுதும் விளங்கியது. அந்த அறை வீட்டோடு பிறந்ததில்லை. பின்னால் வந்த ஏதோ ஒரு துரை, சாப்பிடும்போது மலை தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டு, அணைச்சுவரைக் கட்டி, குப்பையைக் கொட்டி மேடாக்கி, அதன்மேல் அறையை நீட்டியிருக்கிறார்.

முதலாளி பளபளக்கும் காலணியோடு வந்து சேர்ந்தார். அவர் பேசியது ஆங்கிலத்தில். நான் தமிழில் எழுதுகிறேன். குழியைச் சுற்றி முதலாளியும் சேரும் நானும் நின்றோம்; காவல்காரர் உள்ளே இன்னும் வெட்டிக்கொண்டிருந்தார்.

"இந்தச் சுவர் வெளிவேலை இல்லை," என்றேன். "இந்த அறையின் அத்திவாரமே அதுதான். அறைக்கு அடியில் வேறு எதுவும் இல்லை. பாருங்கள்."

அவர் குனிந்து பார்த்தார். கெட்டிக்கார மனிதர், உடனே விளங்கிக்கொண்டார். நிமிர்ந்து, "சரி. அப்படியானால் இந்த அறையைப் பூட்டிவிடுவோம். முன்பக்கத்தை மட்டும் திறப்போம். சுவரை அடுத்த வருடம் பார்ப்போம்," என்றார்.

வீட்டை வைத்து வாதாடினேன். வீட்டை அவர் ஒரு பூட்டால் காப்பாற்றிவிட்டார்.

"அறையைப் பூட்டலாம். கீழே இருக்கும் ஐந்து குடும்பத்தை எங்கே பூட்டுவது?"

"லயம் என் குத்தகையில் இல்லை."

"சுவர் உங்கள் குத்தகையில் இருக்கிறது. விழப்போவது உங்கள் சுவர்."

அவர் என்னை விட்டுவிட்டுச் சேரைப் பார்த்துச் சிரித்தார். "இவருடைய அக்கறை எனக்குப் புரிகிறது. அவர்கள் இவருடைய ஆட்கள்தானே. ஆனால் இது பழைய வீடு ஒன்றைப் பற்றிய அறிக்கை."

அடேயப்பா! அந்தச் சிரிப்பை நான் பள்ளிக்கூடத்திலிருந்து பார்த்து வருகிறேன். பட்டம் வாங்கினாலும் வரும், பதவி வந்தாலும் வரும். முன்பெல்லாம் அதற்குக் கூசிப் போவேன். அன்றைக்குக் கூச்சம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"ஆமாம், என் ஆட்கள்தான்," என்றேன். "நான் லயத்தில் பிறந்தவள். அதனால்தான் கீழே இறங்கிப் பார்த்தேன். நீங்கள் இருவரும் இறங்கவே இல்லை. அதற்காக அந்தச் சுவரின் வயிறு உள்ளே போய்விடாது."

காவல்காரர் வெட்டுவதை நிறுத்தி மண்வெட்டியில் சாய்ந்துகொண்டார். நான் சேர் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னேன்.

"சேர், மேல நின்னு பாத்தா இது வெளிவேலைதான். கீழ எறங்கி ஒருவாட்டி நின்னு பாருங்க. அதுக்கப்புறம் எந்தக் கட்டத்துல வேணும்னாலும் போடுங்க. நான் ஒரு வார்த்த பேசமாட்டேன்."

அவர் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். முழங்கால் வலிக்காரர். ஆனால் குடையை ஊன்றிக்கொண்டு இறங்கினார். பாதி வழியில் வழுக்கினார், நான் கையைப் பிடித்தேன், உதறிவிட்டார். சந்துக்குள் போய் நின்றார். முதுகு லயத்துச் சுவரில் முட்டியது, மூக்குக்கு முன்னால் அணைச்சுவர். அண்ணாந்து பார்த்தார். அன்றைக்கு மழையே இல்லை. ஆனாலும் சிமெந்துப் பூச்சின் வெடிப்பொன்றில் சேறு கசிந்து வழிந்துகொண்டிருந்தது. அதை விரலால் தொட்டு, விரலை முகர்ந்தார்.

அந்த அக்கா சந்து முனைக்கு வந்து, "தேத்தண்ணி குடிக்கிறீங்களா ஐயா?" என்று கேட்டு பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்தார். சேர் வாங்கிக்கொண்டு, "இதுக்குள்ள எத்தினை பேர் இருக்கிறியள்?" என்றார்.

"நாங்க ஆறு பேருங்க. மகளுக்கு இது நெறமாசம். வந்தா ஏழு."

சேர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். மேலே ஏறி வந்து, சேறு ஒட்டிய காலோடு பலா மரத் தரையில் நின்று முதலாளியிடம் சொன்னார்: "சுவரும் கானும் முதற்கட்டம். அத்திவாரம் என்ற தலைப்பில். அது முடியாமல் வேறு எந்த வேலையும் தொடங்கக்கூடாது என்றும் எழுதுவேன். வேண்டாமென்றால் வேறு கையெழுத்தைத் தேடிக்கொள்ளுங்கள்."

முதலாளி நிறையப் பேசினார். ஏப்ரலைப் பற்றிப் பேசினார், வங்கியைப் பற்றிப் பேசினார், பார்த்த இடமெல்லாம் எதிர்பாராச் செலவு என்று எழுதியிருக்கிறதே என்று என் மதிப்பீட்டைக் கிழித்தார். சேர் குடையை மடக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். புதிதாக இன்னொருவரைப் பிடித்து, அளந்து, எழுதுவதற்குள் காய்ந்த காலம் போய்விடும் என்பது முதலாளிக்கே தெரியும். கடைசியில் ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு: இந்த வேலையில் இனி நான் இருக்கக்கூடாது.

சேர் அதற்குச் சம்மதித்தார். ஆமாம், சம்மதித்தார். திரும்பி வரும் வழியில் வான் வண்டிக்குள், "கோபமோ?" என்று கேட்டார்.

"இல்லாம?"

"இருக்கட்டும். ஆனா சுவர் முதலாவதில நிக்குதே."

"நிக்குது சேர். அதுக்காகக் கோபம் போயிருமா?"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னை ஹட்டனில் ஒரு பேக்கரிக்கு மலசலகூடம் வரையப் போட்டார்கள். நன்றாகவே வரைந்து கொடுத்தேன், அதிலும் முதலில் கானைத்தான் வரைந்தேன்.

சுவரை ஒரேயடியாக இடிக்கவில்லை. ஒரு துண்டை முட்டுக் கொடுத்துப் பிரித்து, பின்னால் சல்லி நிரப்பி, துளை விட்டுச் சுண்ணாம்பில் கட்டி, பிறகுதான் அடுத்த துண்டு. அறிக்கையில் நான் எழுதிய முறைதான். லயத்துக்காரர்கள் அதுவரை வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப் போகும் பழைய பிள்ளைக் காம்பராவில் தங்கினார்கள். பங்களா அந்த ஏப்ரலில் திறக்கவில்லை. அடுத்த ஏப்ரலில் திறந்தது. திறப்பு விழாவுக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. வாசலில் பளிங்குப் பலகை வைத்து முதலாளி பெயரையும் சேரின் பெயரையும் பொறித்திருந்ததாகக் கேள்வி. என் பெயர் அதில் இல்லை. அந்தப் பலகையில் இடம் கேட்டு நான் யாரிடமும் போகவில்லை, போகப்போவதும் இல்லை.

சுவர் கட்டி முடிந்த வருடத்து வைகாசியில், மழை கொட்டிய ஒரு நாள், யாரும் அனுப்பாமல், சொந்தக் காசில் பஸ் ஏறிப் போனேன். பங்களா வாசலுக்குப் போகவில்லை. குறுக்குப் பாதையில் நேரே பணிய லயத்துக்கு இறங்கினேன். சுவரின் துளை ஒவ்வொன்றிலிருந்தும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. தெளிந்த தண்ணீர். கானுக்குள் விழுந்து, லயத்தைச் சுற்றிக்கொண்டு, பள்ளத்துக்கு ஓடியது. நனைந்துகொண்டே நின்று பார்த்தேன். சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது, மழையில் அது யாருக்குத் தெரியும்.

அந்த அக்கா என்னை அடையாளம் கண்டு கையைப் பிடித்து இழுத்தார். "இப்பிடி நனையிறீங்களே, உள்ள வாங்க."

இஸ்தோப்பில் யாரும் இல்லை. விறகும் கொழுந்துக் கூடையும்தான் இருந்தன. நான் அங்கேயே உட்காரப் போனேன்.

"ஐயோ, இங்க சாரல் அடிக்கும்," என்று சொல்லி அவர் காம்பராவுக்குள் கூட்டிப் போனார். பின்சுவரை ஒட்டி, அணைச்சுவர் இருக்கும் பக்கம், சேலைத் தொட்டில் ஒன்று தொங்கியது. உள்ளே மகளின் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. வெளியே மழை பிய்த்துக்கொண்டு ஊற்றியது.

"இங்கயா போட்டிருக்கீங்க?"

"ஆமாங்க," என்றார். "இங்கதான் குளிரு இல்ல."